மார்ச் 31 அன்று நிலுவையில் நின்ற ஒரு லட்சம் டாலர்

*ஆடிட்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். கரூரில் நானும் என் தம்பியும் கூட்டு நிறுவனமாக மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு தயாரித்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம். ஆண்டு விற்றுமுதல் சுமார் 12 கோடி ரூபாய். இன்வாய்ஸ் எல்லாம் டாலரில்தான். பிப்ரவரி 10-ஆம் தேதி ஒரு லட்சம் டாலருக்குச் சரக்கு ஏற்றினோம். அன்று டாலர் 86 ரூபாய். மார்ச் 31-இல் 88 ஆக இருந்தது. பணம் மே 12-இல் வந்தபோது வங்கி 85.50 தான் கொடுத்தது. அதிலும் 400 டாலர் குறைந்து வந்தது. ஆனால் எங்கள் ஆடிட்டர், கணக்குப் புத்தகத்தில் இல்லாத 2 லட்சம் ரூபாயை ஆதாயம் என்று வருமானத்தில் சேர்த்து வரி கட்ட வைத்துவிட்டார். கேட்டால் சட்டம் அப்படித்தான் என்கிறார். கைக்கு வராத பணத்துக்கு 62,400 ரூபாய் வரி. கடைசியில் எங்களுக்கு நட்டம். இது எந்த வகையில் நியாயம்? வங்கி வரவு வைக்கும் விலையையே விற்பனையாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது அல்லவா? இனி ஃபார்வர்டு போடலாமா, அதற்கும் வரி வருமா? வேறொருவர் மார்ச்சில் அனுப்பிய 20,000 டாலர் முன்பணத்தையும் இப்படி மாற்றிக் கணக்கிட வேண்டுமா?*

*— ஒரு வாசகர், கரூர்*

வணக்கம். உங்கள் ஆடிட்டர் செய்தது சரி. ஆனால் அவர் செய்த வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி இந்த ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. அதைத் தவறவிட்டால், நீங்கள் இப்போது வருந்துவதைவிடப் பெரிய இழப்பு நேரும். கடிதத்தில் நீங்கள் கேட்காத விஷயம் அது. அதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 10-ஆம் தேதி உங்கள் நிறுவனத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. சரக்கை விற்றீர்கள், விற்ற பணத்துக்கு வாங்குபவரைக் கடன்காரர் ஆக்கினீர்கள். விற்பனை அன்றோடு முடிந்துவிட்டது. அதன் மதிப்பு அன்றைய விலையில் 86 லட்சம் ரூபாய். அதற்குப் பிறகு டாலர் 80-க்கு இறங்கினாலும் 95-க்கு ஏறினாலும் அந்த விற்பனைத் தொகை மாறாது. மாறிக்கொண்டே இருப்பது கடன். பிப்ரவரி 10 முதல் மே 12 வரை உங்கள் கையில் இருந்தது ஒரு லட்சம் டாலர் என்ற சொத்து. விற்பனை லாபம் வேறு, அந்தச் சொத்தின் விலை ஏற்ற இறக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் ‘வராத பணத்துக்கு வரி’ என்ற கோபம் வருகிறது.

இந்தச் சொத்தை ஆண்டு முடிவில் என்ன விலைக்கு எழுதுவது? வருமான வரிச் சட்டம் 1961-இன் 43ஏஏ பிரிவும், அது சுட்டும் வருமானக் கணக்கீட்டுத் தர விதிகளில் ஆறாவதும் இதற்குப் பதில் சொல்கின்றன. வெளிநாட்டு நாணயத்தில் வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன், வங்கியில் உள்ள டாலர் இருப்பு ஆகிய பண இனங்கள் எல்லாவற்றையும் மார்ச் 31 விலைக்கு மாற்ற வேண்டும். அதில் வரும் வித்தியாசம் ஆதாயமானால் அந்த ஆண்டின் வருமானம். நட்டமானால் அந்த ஆண்டின் செலவு. பணம் வந்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் வரித் தணிக்கைக்கு உட்படாதவர்களாக இருந்தால் இந்தத் தர விதிகள் அவர்களுக்குப் பொருந்தாது. உங்களுடையது கூட்டு நிறுவனம் என்பதால் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விதி எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் மனம் சற்று ஆறும் என்று நம்புகிறேன். பல ஆண்டுகளாக இந்த வழக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. ரூபாய் சரியும்போது வெளிநாட்டுக்குப் பணம் தரவேண்டியிருந்த நிறுவனங்கள், மார்ச் 31 அன்று கூடிவிட்ட கடன் சுமையை நட்டமாகக் கழித்துக்கொள்ளக் கேட்டன. வருமான வரித் துறை மறுத்தது. ‘பணம் இன்னும் கட்டவில்லையே, இது வெறும் கற்பனை நட்டம்’ என்பது துறையின் வாதம். அதாவது இன்று நீங்கள் சொல்லும் வாதத்தை அன்று சொன்னது துறைதான். 2009-இல் உட்வர்டு கவர்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வணிகக் கணக்கில் நிற்கும் கடனை ஆண்டு இறுதி விலைக்கு மாற்றும்போது வரும் நட்டம், கற்பனை அல்ல, உண்மையான செலவுதான் என்று தீர்ப்பளித்தது. நட்டத்தை அப்படி ஏற்றால் ஆதாயத்தையும் அப்படியே ஏற்கத்தானே வேண்டும்?

பிறகு அரசு கணக்கீட்டுத் தர விதிகளைக் கொண்டுவந்தது. 2017-இல் தில்லி உயர் நீதிமன்றம் அவற்றில் சில பகுதிகளைச் செல்லாது என்றது. உடனே 2018 நிதிச் சட்டம் 43ஏஏ என்ற பிரிவைப் புகுத்தி, 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதலே முன்தேதியிட்டு நடைமுறைப்படுத்தியது. ஆகவே இன்று இது வழக்காடி வெல்லக்கூடிய விஷயம் அல்ல. 2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே கொள்கைதான் தொடர்கிறது. பிரிவு எண் மட்டும் வேறு.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். முதல் ஆண்டில் விற்பனை 86 லட்சம். மார்ச் 31-இல் கடனின் மதிப்பு 88 லட்சம். வித்தியாசம் 2 லட்சம் ஆதாயம். கூட்டு நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத மேல்வரி, ஆக 31.2 சதவீதம். நீங்கள் சொன்ன 62,400 ரூபாய் இப்படித்தான் வந்தது.

ஏப்ரல் 1 அன்று அந்தக் கடன் புதிய ஆண்டுக்குள் எந்த விலையோடு நுழைகிறது? 86 லட்சத்தோடு அல்ல, 88 லட்சத்தோடு. மே 12-இல் டாலருக்கு 85.50 கிடைத்தது. எனவே இரண்டாம் ஆண்டின் நட்டம் டாலருக்கு 50 காசு அல்ல, இரண்டரை ரூபாய். ஒரு லட்சம் டாலருக்கு 2,50,000 ரூபாய். அதற்கு 31.2 சதவீதம் என்றால் 78,000 ரூபாய் வரி குறைகிறது. முதல் ஆண்டில் 62,400 கட்டினீர்கள், இரண்டாம் ஆண்டில் 78,000 மிச்சம். நிகர மிச்சம் 15,600. உங்கள் உண்மையான நட்டமான 50,000 ரூபாய்க்கு வரவேண்டிய வரிச் சலுகையும் சரியாக 15,600 தான். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட அதிகம் கட்டவில்லை. நீங்கள் இழந்தது 62,400 ரூபாயை ஓர் ஆண்டு முன்னதாகக் கட்டியதன் வட்டிதான். அது சிறிய தொகை என்று நான் சொல்லவில்லை. நூல்காரருக்குக் கடன் வைத்து நடத்தும் தொழிலில் அந்தப் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் அது முன்னதாகப் போன பணம், இழந்த பணம் அல்ல.

இதெல்லாம் இரண்டாம் ஆண்டில் நட்டத்தை 2,50,000 என்று எழுதினால்தான். நான் முதலில் சொன்ன ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ‘கணக்குப் புத்தகத்தில் இல்லாத 2 லட்சம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. மார்ச் 31-இல் புத்தகத்தில் எந்தப் பதிவும் போடவில்லை. கடன் 86 லட்சமாகவே நின்றது. ஆடிட்டர் வரிக் கணக்கீட்டுத் தாளில் மட்டும் 2 லட்சத்தைக் கூட்டினார். அதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் இந்த ஆண்டு மே 12-இல் உங்கள் கணக்காளர் பணத்தை வரவு வைக்கும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது 86 லட்சம்தான். அவர் 50,000 ரூபாயை மட்டும் நட்டமாக எழுதுவார். புத்தகத்தைப் பொறுத்தவரை அதுவும் சரியே. அடுத்த செப்டம்பரில் வரிக் கணக்குப் போடுபவர் புத்தகத்தில் உள்ள லாபத்தை எடுத்து மேலே வைப்பார். சென்ற ஆண்டு 2 லட்சம் தனியாகக் கூட்டப்பட்டது நினைவில் இல்லாவிட்டால், அதைக் கழிக்க மறந்துவிடுவார். அப்போது வராத ஆதாயத்துக்கு முதல் ஆண்டில் வரி கட்டியும், அதை ஈடுகட்டும் நட்டத்தை இரண்டாம் ஆண்டில் இழந்தும் நிற்பீர்கள். அந்த 62,400 உண்மையாகவே போய்விடும். ஆடிட்டர் மாறும் ஆண்டிலும், கணக்காளர் வேலையை விட்டுப் போகும் ஆண்டிலும் இது நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இதைச் சரிபார்ப்பது எளிது. சென்ற ஆண்டின் வரித் தணிக்கை அறிக்கையில் 3சிடி படிவம் இருக்கும். அதன் 13-ஆம் பகுதியில், தர விதிகளால் லாபம் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று ஓர் அட்டவணை உண்டு. அந்நியச் செலாவணிக்கான வரிசையில் கூடுதல் என்று 2,00,000 இருக்க வேண்டும். இந்த ஆண்டு அறிக்கையில் அதே வரிசையில், குறைப்பு என்ற இடத்தில் இந்த 2,00,000 வர வேண்டும். இந்த மார்ச்சில் நிலுவையில் நிற்கும் வேறு இன்வாய்ஸ்களால் வரும் வித்தியாசமும் அதே வரிசையில் சேரும் என்பதால், மொத்தத் தொகையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இன்வாய்ஸ் வாரியாக ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இதைவிட நல்ல வழி, மார்ச் 31 அன்று புத்தகத்திலேயே பதிவைப் போட்டுவிடுவது. கடனை 88 லட்சமாக்கி, 2 லட்சத்தைச் செலாவணி ஆதாயம் என்று எழுதிவிட்டால் புத்தகமும் வரிக் கணக்கும் ஒன்றாகவே நகரும். யாரும் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. டேலியில் வாங்குபவரின் கணக்கை டாலரில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மார்ச் 31-ஆம் தேதி விலையை உள்ளிட்ட பிறகு ஐந்தொகையில் `Unadjusted Forex Gain/Loss` என்று ஒரு வரி தெரிந்தால், ஆண்டு இறுதிப் பதிவு இன்னும் போடப்படவில்லை என்று பொருள். அந்த வரி மறையும்வரை கணக்கை மூடக் கூடாது. மார்ச் 31 விலைக்கு, எஃப்.பி.ஐ.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனம் வெளியிடும் குறியீட்டு விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 வரை ரிசர்வ் வங்கி நேரடியாக வெளியிட்ட விலை இதுதான். அன்று விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலைநாளின் விலையை எடுத்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள்.

அடுத்து அந்த 400 டாலர். இதைச் செலாவணி நட்டத்தோடு கலந்துவிடுவது பரவலான வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். வங்கியில் வந்தது 99,600 டாலர், 85.50 வீதம் 85,15,800 ரூபாய். புத்தகத்தில் 88 லட்சம் இருந்தால் குறைவு 2,84,200 ரூபாய். இதில் செலாவணி நட்டம் 2,50,000 மட்டுமே. மீதி 34,200 ரூபாய் என்பது 400 டாலரின் அன்றைய மதிப்பு. இடையில் நின்ற வெளிநாட்டு வங்கி எடுத்துக்கொண்ட கட்டணமாக இருந்தால் அது வங்கிச் செலவு. துண்டில் கறை, எண்ணிக்கை குறைவு என்று வாங்குபவர் பிடித்துக்கொண்டதாக இருந்தால் அது விற்பனைத் தள்ளுபடி. வரி அளவில் எல்லாமே செலவுதான், பிறகு ஏன் பிரிக்க வேண்டும் என்று நினைக்கலாம். அதிகாரி கேள்வி கேட்டால் 2,50,000 ரூபாயை விலைப் பட்டியலை மட்டும் காட்டி ஒரு நிமிடத்தில் நிரூபிக்கலாம். 34,200 ரூபாய்க்கு வேறு ஆவணம் வேண்டும்: வங்கியின் வரவு அறிவிப்போ வாங்குபவரின் கடிதமோ. கலந்து எழுதினால் இரண்டையுமே நிரூபிக்க முடியாத நிலை வரும். அது மட்டுமல்ல. ஒவ்வொரு முறையும் 400, 500 டாலர் என்று அவர் பிடித்துக்கொண்டிருந்தால் அது செலாவணி என்ற பெயருக்குள் ஒளிந்துகொண்டு உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

வங்கி வரவு வைக்கும் விலையையே விற்பனையாக எழுதலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. எழுத முடியாது. மார்ச் 31-இல் கணக்கை மூடும்போது மே மாத விலை உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியும்வரை காத்திருந்து எழுதினாலும், பிப்ரவரியில் நடந்த விற்பனைக்கு மே மாத விலையைக் கொடுப்பதைத் தர விதி ஏற்காது. விற்பனை நாளின் விலை, அல்லது அதற்கு நெருக்கமாக இருக்குமானால் அந்த வாரத்தின் அல்லது மாதத்தின் சராசரி விலை, இவ்வளவுதான் அனுமதி. ஷிப்பிங் பில்லில் சுங்கத் துறை அறிவித்த விலை இருக்கும், உங்கள் ஜி.எஸ்.டி. படிவத்தில் சரக்கு ஏற்றுமதியின் மதிப்பும் அந்த விலையில்தான் போக வேண்டும். அது 86 ஆக இல்லாமல் 85.75 ஆக இருக்கலாம். இதனால் புத்தக விற்பனைக்கும் ஜி.எஸ்.டி. விற்பனைக்கும் இடையே சிறு வேறுபாடு வரும். அது தவறு அல்ல. ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் இரண்டு விலைகளையும் அருகருகே எழுதிய ஒரு பட்டியல் இருந்தால் போதும். பணம் வந்த பிறகு ஜி.எஸ்.டி. மதிப்பைத் திருத்த வேண்டிய அவசியமும் இல்லை.

பின்னால் வரப்போகும் டாலரை இன்றே விலை பேசி வங்கிக்கு விற்கும் ஃபார்வர்டு ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் லாப விளிம்புக்கு அது தேவை என்றே நினைக்கிறேன். அதற்கும் வரிக் கணக்கு உண்டு. ஆனால் நீங்கள் அஞ்சுவது போல் அல்ல. இதே இன்வாய்ஸை வைத்தே பார்ப்போம். பிப்ரவரி 10 அன்றே, மே 12-இல் ஒரு லட்சம் டாலரை வங்கிக்கு விற்க ஒப்பந்தம் போட்டிருந்தால், வங்கி 86.455 என்ற விலை கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய சந்தை விலை 86. கூடுதலாகக் கிடைக்கும் 45.5 காசுதான் பிரீமியம். ஒரு லட்சம் டாலருக்கு 45,500 ரூபாய். ஒப்பந்தக் காலம் 91 நாள். இந்தப் பிரீமியத்தை அந்த 91 நாட்களுக்கும் சமமாகப் பரப்ப வேண்டும். மார்ச் 31 வரை 49 நாள், எனவே முதல் ஆண்டு வருமானம் 24,500 ரூபாய். மீதி 21,000 அடுத்த ஆண்டுக்கு.

மார்ச் 31-இல் கடன் மீது முன்போலவே 2 லட்சம் ஆதாயம் வரும். ஆனால் ஃபார்வர்டு ஒப்பந்தத்தில் 88 ரூபாய் டாலரைப் பழைய விலைக்குக் கொடுக்க நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அதில் அதே 2 லட்சம் நட்டம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. முதல் ஆண்டில் வரிக்கு உட்படுவது 24,500 மட்டும். மே 12-இல் கடனில் 2,50,000 நட்டம், ஒப்பந்தத்தில் 2,50,000 ஆதாயம், பிரீமியத்தில் 21,000. மொத்தத்தில் 86 லட்சத்துக்கு மேல் கிடைத்த 45,500 ரூபாய்க்கு மட்டும், இரண்டு ஆண்டுகளில் பிரிந்து, வரி. கைக்கு வராத பணத்துக்கு வரி என்ற தொல்லை ஏறத்தாழ இல்லாமலே போகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, இதில் பலர் சறுக்குகிறார்கள். மேலே சொன்ன முறை, மார்ச் 31-இல் கடன் உண்மையில் நிலுவையில் இருந்தால்தான். ஆர்டர் கையில் வந்துவிட்டது, சரக்கு இன்னும் தறியில் இருக்கிறது, அதற்கு முன்கூட்டியே ஃபார்வர்டு போட்டுவிட்டீர்கள் என்றால், மார்ச் 31-இல் அடித்துக்கொள்ள மறுபக்கம் எதுவும் இல்லை. அப்போது அந்த ஒப்பந்தத்தின் பிரீமியம், ஆதாயம், நட்டம் எதையும் அந்த ஆண்டில் வரிக்குக் கொண்டுவரக் கூடாது. ஒப்பந்தம் தீரும் நாளில்தான் கணக்கு. வங்கி மார்ச் இறுதியில் அனுப்பும் சந்தை மதிப்புத் தாளில் நட்டம் என்று ஒரு பெரிய தொகை இருக்கும். அதைப் புத்தகத்தில் எழுதியிருந்தால் வரிக் கணக்கில் திரும்பக் கூட்டிவிட வேண்டும். அதே ஒப்பந்தத்துக்குரிய சரக்கு மார்ச் 25-இல் கப்பலேறிவிட்டால் நிலைமை மாறுகிறது. ஆண்டு இறுதியில் கடன் இருக்கிறது அல்லவா? அது முதல் வகைக்கு வந்துவிடும். எனவே ஒவ்வொரு ஃபார்வர்டையும் மார்ச் 31 அன்று எடுத்துப் பார்த்து, அதன் எதிரே இன்வாய்ஸ் இருக்கிறதா, ஆர்டர் மட்டும்தானா என்று குறிக்க வேண்டும்.

எதிரே இரண்டுமே இல்லாத ஒப்பந்தம்தான் ஆபத்தானது. 12 கோடி விற்பனை செய்யும் நிறுவனம், டாலர் விலை இறங்கும் என்ற நம்பிக்கையில் அதற்கு மேல் ஃபார்வர்டு போட்டு, சரக்கே இல்லாமல் ரத்து செய்து வித்தியாசத்தை மட்டும் வாங்கினால், அதை ஊக வணிகம் என்று அதிகாரி சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். ஊக வணிக நட்டத்தை ஏற்றுமதி லாபத்தில் கழிக்க முடியாது. ஊக வணிக லாபத்தில் மட்டுமே கழிக்கலாம், அதுவும் நான்கு ஆண்டுகளுக்குள். ஏற்றுமதியாளர் தன் சரக்கின் விலையைக் காக்கப் போடும் ஒப்பந்தம் ஊக வணிகம் அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் உட்பட நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்க, ஒப்பந்தச் சீட்டின் மேல் அன்றே பேனாவால் ஆர்டர் எண்ணை எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதைத் தேடிப் பொருத்துவது மிகவும் கடினம்.

முன்பணமாக வந்த 20,000 டாலரை மாற்றிக் கணக்கிடத் தேவையில்லை. நீங்கள் அதற்குத் திருப்பித் தரப்போவது டாலர் அல்ல, துண்டும் விரிப்பும். பணத்தால் தீராத கடப்பாடு பண இனத்தில் சேராது. வந்த நாளின் விலையிலேயே மார்ச் 31-இலும் நிற்கும். ஆர்டர் ரத்தாகி, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்டுவிட்டால் மட்டும் அது டாலர் கடனாக மாறுகிறது. அப்போது மாற்ற வேண்டும். ஆனால் முன்பணத்தை ரூபாயாக்காமல் வங்கியில் இ.இ.எஃப்.சி. கணக்கில் டாலராகவே வைத்திருந்தால், அந்த இருப்பு பண இனம். அதை மார்ச் 31 விலைக்கு மாற்றியே ஆக வேண்டும். ஒரே பணத்தின் இரு பக்கங்களில் ஒன்று நகரும், மற்றது நகராது என்பது விசித்திரமாகத் தோன்றும். முதல்முறை பார்ப்பவர்கள் தவறு செய்வதும் இங்கேதான். சரக்கு ஏற்றும் முன் வங்கியில் டாலரில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடன் இருந்தால் அதுவும் பண இனமே. டாலர் ஏறும்போது வரவேண்டியதில் ஆதாயமும் அந்தக் கடனில் நட்டமும் வருவதால் வரி ஓரளவு சமன்படும். இயந்திரத்தை இறக்குமதி செய்ய வாங்கிய வெளிநாட்டுக் கடன் மட்டும் இந்த விதிக்குள் வராது. அதற்கு 43ஏ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அந்த வித்தியாசம், பணம் கட்டும்போது இயந்திரத்தின் விலையில் சேரும் அல்லது கழியும்.

இனி வரும் மார்ச்சுக்கு ஒரு நடைமுறை விஷயம். முன்வரியின் கடைசித் தவணை மார்ச் 15. மார்ச் 31-இல் டாலர் எங்கே நிற்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. எனவே மார்ச் 28, 29 தேதிகளில் நிலுவையில் உள்ள டாலரைக் கூட்டி, அதிலிருந்து ஃபார்வர்டு போட்டதையும் நீங்கள் கட்டவேண்டிய டாலர் கடனையும் கழித்து, மீதியை அன்றைய விலைக்கும் புத்தகத்தில் உள்ள விலைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தால் பெருக்கிப் பாருங்கள். பெரிய ஆதாயம் தெரிந்தால் அதற்கான வரியை 31-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். மார்ச் 31 வரை கட்டுவது முன்வரியாகவே கருதப்படும். 15-ஆம் தேதி தவறியதற்கு ஒரு சதவீத வட்டி வரும். உங்கள் 62,400 ரூபாய்க்கு அது 624 ரூபாய். கட்டாமல் விட்டு, மொத்த முன்வரி 90 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் ஏப்ரல் முதல் மாதம் ஒரு சதவீதம் என்று தனி வட்டி ஓடத் தொடங்கும்.

உங்கள் ஆடிட்டரிடம் கோபமாகப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டுத் தாளையும் மே 12 வங்கி அறிவிப்பையும் எடுத்துக்கொண்டு போய், ‘போன வருஷம் கூட்டிய 2 லட்சத்தை இந்த வருஷம் எந்த வரிசையில் கழிக்கப் போகிறீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். புத்தகத்தில் உள்ள 50,000 ரூபாய் நட்டத்துக்குக் கீழே அந்த 2,00,000 எழுதப்படுவதை நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள்.